சீட்டின் பின்பக்கம்

இருசப்பன் என் மேசைமேல் தீக்குச்சிகளை நான்கு கூறாகப் பிரித்து வைத்தான். ஒரு மணி நேரமாக இதே வேலை. பாதி அடித்த மனு தட்டச்சு எந்திரத்தில் அப்படியே நின்றது. அதை மறுநாள் காலை ஒருவர் வாங்க வருவதாக இருந்தது.

“இது படகுக்கு. இது எனக்கு. இது உங்களுக்கு. இது அவருக்கு. இதுல என்னா புரியலக்கா?”

“படகு எங்க இருக்கு?”

“இந்த ரூம்தான் படகு. வாடகை நீங்கதான குடுக்கறீங்க? அதனால படகுக் கூறும் உங்களுக்குத்தான்.”

கப்பல் டிக்கெட் ஏஜெண்ட் இராமதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விவாதத்தில் அவர் முறை வரும்போதெல்லாம் கண்ணாடி அழுக்காகிவிடும்.

“அப்ப அம்மாவுக்கு ரெண்டு கூறு, எனக்கு ஒண்ணு. என் கடைக்கும் நான் வாடகை குடுக்கறேன் தம்பி. என் கடை என்ன, கட்டுமரமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் கூடிப் பேசுவது இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.

ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கை மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக் காகிதம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று அதன்மேல் அக்கறை வந்தது. பென்ஷன், சைகோனில் விட்டு வந்த சம்பள பாக்கி, மகனை பிரான்சுக்கு அனுப்புவது, எல்லாவற்றுக்கும் மனு வேண்டும். பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். வாய்க்கால் பக்கம் ஒரே ஒரு அறை, ஒரு எந்திரம், இரண்டு நாற்காலி. மனுவோடு போட்டோ வைக்க வேண்டும். அதற்கு இருசப்பனின் ஸ்டுடியோ. பயணம் போகிறவர்களுக்கு டிக்கெட், அதற்கு இராமதாஸ். எங்களிடம் வருகிறவர்களை நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம். சும்மாதான். ஆனால் என்னிடம்தான் எல்லோரும் முதலில் வருவார்கள். ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். இருசப்பனுக்கு நான் அனுப்பியவர்கள் முப்பத்தொரு பேர். அவன் எனக்கு அனுப்பியது ஆறு.

அந்த மாதம்தான் வீட்டுக்காரர் அறையை ஜவுளிக்கடைக்காரருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கூடுதல் வாடகை கொடுத்தால் நானே இருக்கலாம். இல்லாவிட்டால் உழவர்கரையில் என் அக்காள் வீடு இருக்கிறது. அத்தான் மோசமானவர் இல்லை. “இந்தப் பேப்பர் வேலை எதுக்கு அஞ்சலாட்சி, ரெண்டு வேளை சோறு இங்க இல்லையா?” என்று அன்பாகத்தான் கேட்பார். அந்த அன்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டு அம்மிக்கல் நினைவுக்கு வரும். அறை போனால் நான் போய் உட்கார வேண்டிய இடம் அதன் முன்னால்தான்.

அதனால்தான் இந்தக் கூட்டு. என் யோசனை எளிமையாக இருந்தது. ஆளைப் பெற்றுக்கொள்பவர், அனுப்பியவருக்கு ரூபாய்க்கு இரண்டணா கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இராமதாஸ் முதல் ஞாயிற்றுக்கிழமையே அதை உடைத்தார். “டிக்கெட் நானூறு ரூபா. கப்பல் கம்பெனிக்குக் கட்டினது போக எனக்கு நிக்கறது இருபது. நானூறுக்கு ரெண்டணா கணக்குப் போட்டா அம்பது. இருபது சம்பாதிக்க நான் அம்பது குடுக்கணுமா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருசப்பன். “எனக்குப் பேப்பரு, மருந்து, எல்லாம் மெட்ராஸ்லேருந்து வருது. ரூபாய்க்குப் பாதி அதுக்கே போயிடும். உங்களுக்கு என்னாக்கா, ரெண்டு தாள், கொஞ்சம் ரிப்பன்.”

“என் இடுப்பு வலி?” என்றேன்.

“அது எனக்கும்தான் வலிக்குது.”

அவர்கள் இருவரும் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். எங்கள் மூவரின் ரூபாயும் ஒரே ரூபாய் இல்லை. அதைச் சரி செய்ய ஒரு வழி இருந்திருக்கும். ஆனால் யோசிப்பதற்குள் இருசப்பன் தீக்குச்சியோடு வந்துவிட்டான். அவன் காலாப்பட்டில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போகாமல் கேமராவுக்கு வந்தவன். ஆனால் பங்கு என்றால் அவனுக்குக் கரையில் மீன்பாடு பிரிப்பதுதான் தெரியும்: படகுக்கு ஒரு கூறு, ஆளுக்கு ஒரு கூறு, முடிந்தது. ஒருவர் அனுப்பி இன்னொருவரிடம் வரும் ஆளிடம் வாங்குகிற காசில் ரூபாய்க்கு இரண்டணா மூவரும் ஒரு டப்பாவில் போட வேண்டும். டிக்கெட்டுக்கு மட்டும் இராமதாஸின் இருபதில்தான் கணக்கு. மாதக் கடைசியில் டப்பாவைத் திறந்து நான்கு கூறு.

“யாரு யாரை அனுப்பினாங்கன்னு சண்டையே வராதுக்கா. எல்லாரும் ஒரே தண்ணியிலதான இருக்கோம்.”

இராமதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரி என்றார். நானும் சரி என்றேன்.

களைப்பினால் சொன்னதாக அன்று நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. டப்பா என்றால் நான் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். “இவரை நான் அனுப்பினேன், என் இரண்டணா எங்கே” என்று கேட்க வேண்டாம். என் அப்பா மேரியில், பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தாவாக இருந்தார். பிறப்பு, கல்யாணம், சாவு எழுதுகிற பெரிய புத்தகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. தரகு என்ற சொல்லை அவர் செருப்பில் ஒட்டியதைச் சொல்வது போலச் சொல்வார். அவர் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் நான் காசு எண்ணும்போது அந்த முகம் பக்கத்தில் வந்து நிற்கும்.

இருசப்பன் மஞ்சள் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிச் சீட்டுகள் செய்தான். முன்பக்கம் கடையின் பெயர். பின்பக்கம் மூன்று குறிகள். அவனுக்கு மீன்வால், அவன் வீட்டுத் துடுப்பில் சுட்டிருக்கிற குறியாம். எனக்கு ஒரு முடிச்சு. இராமதாஸுக்கு வளையம். ஆள் எங்கே போய் வந்தாரோ அந்தக் குறியின்மேல் ஒரு கோடு.

“எழுத்துல போட்டா வர்றவங்க படிப்பாங்க. குறின்னா நமக்கு மட்டும்தான் தெரியும்,” என்றான். கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

இரண்டு மாதம் டப்பா நன்றாகவே கனத்தது. கூடுதல் வாடகையைக் கொடுத்தேன். ஆனால் எனக்கு வருகிற ஆட்களின் சாயல் மாறியிருந்தது. இருசப்பன் அனுப்பிய ஒரு கிழவருக்கு மனுவே தேவைப்படவில்லை. மேரியில் போய்க் கேட்டால் கொடுக்கிற காகிதம்தான் அவருக்கு வேண்டியது. “போட்டோக்காரத் தம்பி இங்க வந்துட்டுத்தான் போவணும்னாரு,” என்றார். நான் அவரை மேரிக்குப் போகச் சொன்னேன். ஆனால் எழுதித் தந்த ஒரு சிறு குறிப்புக்கு எட்டணா வாங்கிக்கொண்டேன். எழுதினேன் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. என் மனுவின் விலை ஐந்து ரூபாய். டப்பாவுக்குப் பத்தணா போகிறதே என்று ஒரு நாள் ஒருவரிடம் ஐந்து ரூபாய் பத்தணா கேட்டேன். கொடுத்தார். அன்றிலிருந்து சீட்டோடு வந்தால் அதுதான் விலை. இதை மற்ற இருவரிடமும் சொல்லவில்லை. எனக்கே நான் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் வீராயி வந்தாள். காலாப்பட்டுக்காரி, மீன் விற்பவள். மூன்று வாரம் முன்னால் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் புருஷன் சைகோன் துறைமுகத்தில் சுங்கக் காவலராக இருந்து அங்கேயே இறந்தவர். விதவைப் பென்ஷன் கேட்டு எழுதியது. காலிக் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மூன்று மஞ்சள் சீட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். பின்பக்கம் மேலே.

“ஏம்மா, இது இன்னா?”

“சீட்டும்மா. எங்க போகணும்னு அடையாளம்.”

“அடையாளம் சரி. இது இருசப்பன் வூட்டுக் குறி. அவன் அப்பன் துடுப்புல இதத்தான் பாத்துருக்கேன். இது வேற யாரோ. இது வேற யாரோ. ஒவ்வொண்ணு மேலயும் கோடு.” விரலால் ஒவ்வொரு குறியையும் தொட்டாள். “எனக்கு எழுத்து தெரியாது. கூறு தெரியும். பொறந்ததுலேருந்து கரையில கூறு போடறதத்தான் பாக்கறேன். என்னை வச்சு மூணு பேரு கூறு போட்டுருக்கீங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எங்க ஊரு அங்கம்மா போன வருஷம் இதே மனு இதே உங்கிட்ட எழுதினா. அஞ்சு ரூபா. எனக்கு அஞ்சு ரூபா பத்தணா. அவ போட்டோ ரெண்டு ரூபா. எனக்கு ரெண்டே கால். அப்புறம் அந்தக் கண்ணாடிக்காரரு. அவருகிட்ட நான் எதுக்குப் போனேன்? நான் கப்பலா ஏறப் போறேன்? சைகோன்ல விசாரிச்சு எழுதறேன்னு மூணு ரூபா வாங்கிகிட்டாரு.”

அது எனக்குத் தெரியாது. இருசப்பன் நாலணா ஏற்றியதும் தெரியாது. கணக்கு என் தலையில் ஓடியது, நான் ஓட விடாமலே: இரண்டு ரூபாய்க்கு நாலணா, ஐந்துக்குப் பத்தணா. சரியாக ரூபாய்க்கு இரண்டணா. மூவரும் தனித்தனியாக, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல், டப்பாவில் போட வேண்டியதை அவள் சுருக்குப்பையிலிருந்து எடுத்திருக்கிறோம். எங்களில் யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுத்தது முழுக்க அவள்தான்.

“கரையில கூறு போட்டா மீனுக்குத் தெரியாது,” என்றாள் வீராயி. “நான் மீனு இல்ல பாரு.”

“காசைத் திருப்பித் தர்றேம்மா.”

“குடு. வாங்கிக்கறேன். ஆனா நான் கேக்கறது அது இல்ல. தரகு வாங்குனா வாங்கறேன்னு சொல்லிட்டு வாங்கறதுக்கு இன்னா? மீன் ஏலம் போடறவன் தரகு வாங்கறான். எங்க கண்ணு முன்னால வாங்கறான். நாங்க அவன ஒண்ணும் சொல்றதில்ல.”

என் பத்தணாவை எண்ணிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு கூடையைத் தலையில் வைத்தாள். சீட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் நான்காவது கூட்டம். இருசப்பன் வரும்போதே கோபமாக வந்தான்.

“நாலு நாளா காலாப்பட்டுலேருந்து ஒரு தலை வரல. என் சொந்தச் சித்தி பொண்ணு கல்யாணம், போட்டோ எடுக்க வேற ஆளக் கூப்டுருக்காங்க. வீராயி கரை முழுக்க என் வூட்டுக் குறியச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா.”

“விலையை ஏத்தினியா?” என்றேன்.

“நாலணா. நீங்க?”

“பத்தணா.”

இரண்டு பேரும் இராமதாஸைப் பார்த்தோம். கண்ணாடி கழன்றது.

“விசாரிக்கறதுன்னா ஒரு செலவு இருக்கில்ல...”

“விசாரிச்சீங்களா?”

“கப்பல் வரட்டும்னு இருக்கேன்.”

“அந்த மூணு ரூபாயைத் திருப்பிக் குடுங்க.”

“டப்பாவுல ஆறணா போட்டுட்டனே. அதுல உங்களுக்குப் பாதி வந்துடுச்சே.”

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறணாவில் பாதி மூன்றணா. அந்த மூன்றணாவை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

“டப்பா வேண்டாம்,” என்றேன். “டப்பா இருந்தா, ஆளு எத்தனை கதவு ஏறி இறங்கறாரோ அத்தனையும் நமக்கு லாபம். தேவையோ தேவையில்லையோ. கடல்ல நீங்க எல்லாரும் ஒரே வலையை இழுக்கறீங்க இருசப்பா. இங்க நான் இழுக்கறதை நீ பாக்கறதில்ல, நீ இழுக்கறதை நான் பாக்கறதில்ல.”

“அப்ப பழையபடி உங்க ரெண்டணாதானா? என் பேப்பருக்கு வழி சொல்லுங்க.”

சொன்னேன். இப்போது அது கஷ்டமாக இல்லை. கை நீட்டக் கூசியதால்தான் இரண்டு மாதம் முன்னால் யோசிக்காமல் விட்டேன் என்பது பேசும்போதே புரிந்தது. இரண்டணா என்பது அவரவர் கைக்கூலியில் மட்டும். இருசப்பனுக்கு ரூபாயில் பாதி பேப்பருக்கும் மருந்துக்கும் என்று தள்ளிவிட்டு மீதியில். இராமதாஸுக்கு டிக்கெட் விலையில் இல்லை, அவர் கையில் நிற்பதில். எனக்கு ஸ்டாம்புக் காசு சேராமல், மனுவின் ஐந்து ரூபாயில். ஆள் பணம் கொடுத்த பிறகுதான் அனுப்பியவருக்கு. முதல் வேலைக்கு மட்டும்; அதற்குப் பிறகு அவர் நம் வேலையைப் பார்த்துத்தான் திரும்பி வருகிறார், அனுப்பியவருக்காக இல்லை. விலைப் பலகை மூன்று கடையிலும் தொங்க வேண்டும், சீட்டோடு வந்தாலும் வராவிட்டாலும் அதே விலை.

“அப்ப அந்த ரெண்டணா என் லாபத்துலேருந்துதான் போவும்,” என்றார் இராமதாஸ்.

“ஆமா. அதுதான் கூலி. உங்களுக்கு ஆள் தேடி அலையற வேலை மிச்சம். அதுக்கு ரெண்டணா அதிகம்னா சொல்லுங்க, குறைப்போம். ஆனா அடுத்தவங்க மடியிலேருந்து எடுக்க வேண்டாம்.”

வெகுநேரம் பேசினார். மற்ற ஏஜெண்டுகள், காலம், பெண்பிள்ளைகளின் கல்யாணம். கடைசியில் சரி என்றார். மூன்று ரூபாயை வீராயியிடம் கொடுத்துவிடும்படி என்னிடம் தந்தார், தன்னால் அவள் முன்னால் நிற்க முடியாது என்று. இருசப்பனும் தன் நாலணாவை வைத்தான்.

“இன்னொண்ணு,” என்றேன். “ஆளுகிட்ட சொல்லணும். இவரை அனுப்பினதுக்கு எனக்கு இவ்வளவு வருதுன்னு.”

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

“வாய் விட்டா? எப்படிக்கா சொல்றது? என்னா நெனைப்பாங்க?”

“அது மரியாதை இல்லம்மா,” என்றார் இராமதாஸ்.

அவர்கள் கேட்டது என் கேள்விதான். பலகையில் சிறிய எழுத்தில் ஒரு வரி எழுதலாம் என்று இராமதாஸ் சொன்னார். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பது மூவருக்கும் தெரியும். சரி என்று எழுந்தோம்.

மூன்று ரூபாய் நாலணாவை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். வீராயி வரவில்லை. இரண்டு வாரம் யாருமே வரவில்லை என்று சொல்லலாம். பலகை தொங்கியது, சிறிய எழுத்து வரியோடு. இருசப்பன் கடையிலும் அதே. வாடகை நாள் நெருங்கியது. ஒரு நாள் மாலை எந்திரத்துக்கு உறை போடும்போது, அக்காள் வீட்டு அம்மிக்கு எதிரே எந்திரத்தை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்ததை உணர்ந்ததும் உறையைக் கழற்றி, எழுத ஒன்றுமில்லாமல் ஒரு வெள்ளைத் தாளைச் சொருகிவிட்டுப் போனேன்.

மறுநாள் வீராயி வந்தாள். பின்னால் ஐந்து பெண்கள். எல்லோரும் காலாப்பட்டு, எல்லோர் கையிலும் சைகோன் காகிதம் வைத்த துணி முடிச்சு.

நான் மடித்து வைத்த காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள்.

“கூறு போடறது இன்னும் நடக்குதா?”

“இல்ல. நிறுத்தியாச்சு.” புது ஏற்பாட்டைச் சொன்னேன். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். பேப்பருக்குக் கழிப்பதைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள், நல்ல கேள்வி.

“சரி. அப்ப இந்த அஞ்சு பேரையும் இட்டாந்தது யாரு?”

“நீங்கதான்.”

“எனக்கு எந்தக் கூறு?”

அவள் கடை வைத்திருக்கவில்லை. எங்கள் மூவரில் ஒருத்தி இல்லை. அவளுக்கு நான் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான்கு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கட்டிய நியாயத்தில் அவளை வெளியே நிறுத்த ஒரு வார்த்தைகூட இல்லை. அனுப்பியவருக்கு ரூபாய்க்கு இரண்டணா. அவள் அனுப்பவில்லை, கையைப் பிடித்துக் கூட்டியே வந்திருக்கிறாள்.

“மனுவுக்கு அஞ்சு ரூபா. ஆளுக்குப் பத்தணா,” என்றேன். “அவங்க காசு குடுத்த பிறகு.”

“அது நியாயம்.”

அவள் திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்தாள். மீன் விலை சொல்கிற அதே குரலில் சொன்னாள்: “இந்தா, எல்லாரும் கேட்டுக்குங்க. உங்கள இட்டாந்ததுக்கு இவங்க எனக்கு ஆளுக்குப் பத்தணா தர்றாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஏறாது, அங்கம்மா குடுத்த அதே அஞ்சு ரூபாதான். புடிக்கலன்னா இப்பவே வேற எடம் போங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

யாரும் போகவில்லை. ஒருத்தி மட்டும், “பத்தணா வாங்கறவ பஸ்ஸுக்குக் குடுக்கக் கூடாதா?” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். வீராயியும் சிரித்தாள், ஆனால் கொடுப்பதாகச் சொல்லவில்லை.

அவ்வளவுதான். மரியாதை எதுவும் கீழே விழுந்து உடையவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது, இத்தனை சுலபமாக இருந்ததற்கு.

முதலில் உட்கார்ந்தது ஆயம்மா என்ற பெண். புருஷனின் வேலைப் புத்தகம், மேரியில் வாங்கிய கல்யாணக் காகிதம், எல்லாம் சரியாக இருந்தன. போட்டோ இல்லை. இருசப்பன் கடைக்குப் போகும்படி மஞ்சள் சீட்டை எடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. என் கையில் இருந்தபடியே சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“நான் அங்க போனா உனக்கு எவ்ளோ?”

வீராயி வாசலில் கூடைமேல் சாய்ந்து நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல அவள் உதவவில்லை. அப்பாவின் முகம் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

“போட்டோ ரெண்டு ரூபா,” என்றேன். “அதுல பேப்பருக்குப் போக எனக்கு ரெண்டணா.”

ஆயம்மா தலையாட்டிவிட்டுச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.